குக்கல்: மூச்சு உள்ளே போகும்போது எழும் சத்தம்

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் திருகோணமலையில் எந்த இருமலுக்கும் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. புழுதி என்பார்கள், வெக்கை என்பார்கள், பிள்ளை ஐஸ் பழம் குடித்தது என்பார்கள். பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருமத் தொடங்கியபோதும் எல்லோரும் காற்றைத்தான் குற்றம் சொன்னார்கள். முதல் வாரம் வெறும் மூக்கு ஒழுகலும் தும்மலும் சின்ன இருமலும். காய்ச்சல் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. பள்ளிக்கூடம் போனான், பந்து அடித்தான், ஒரே பாயில் தங்கச்சிக் குழந்தையின் பக்கத்தில் படுத்தான். குழந்தைக்கு அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

இரண்டாம் வாரம் முடிகிற நேரத்தில் இருமலின் போக்கு மாறியது. பகலில் நன்றாக விளையாடுகிற பிள்ளை இரவில் திடீரென்று எழுந்து உட்கார்ந்து இருமுவான். இருமி முடிந்ததும் சாப்பிட்டதெல்லாம் வெளியே வரும். பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தூங்கிவிடுவான். மருந்துக்கடையில் இருமல் பாணி கொடுத்தார்கள். ஒரு தனியார் கிளினிக்கில் தொய்வு என்று சொல்லி மருந்துப் புகை பிடிக்க வைத்தார்கள். இரண்டும் ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் நோயின் பெயரைச் சொன்னது பையனின் அம்மம்மா. அடுப்படியில் நின்றபடி அறைக்குள் கேட்ட சத்தத்தை வைத்தே, "தம்பி, இது குக்கல். என்ர காலத்தில் இந்தச் சத்தம் கேட்டு வளர்ந்த ஆள் நான்" என்று என்னிடம் சொன்னார். (யாருடைய குடும்பம் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.)

நான் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன். நோயாளிகளைவிட அவர்களுடைய இரத்தத்தோடுதான் எனக்குப் பழக்கம் அதிகம். ஆனாலும் அந்தச் சத்தத்தை ஒருமுறை பக்கத்தில் இருந்து கேட்டால் யாருக்கும் மறக்காது. என் முன்னாலேயே பையனுக்கு ஒரு தடவை வந்தது. தண்ணீர் குடிக்க வாயைத் திறந்தான், தொண்டையில் ஏதோ உறுத்தியது போல முகம் மாறியது, அவ்வளவுதான். ஒன்றன்பின் ஒன்றாக இருமல். நடுவில் மூச்சு எடுக்கவில்லை. நாக்கு வெளியே நீண்டது, கழுத்து நரம்புகள் புடைத்தன, கண்ணில் தண்ணீர் வழிந்தது, முகம் சிவந்து பிறகு கறுத்தது. இனி உள்ளே காற்றே இல்லை என்ற கட்டத்தில் உடம்பு முழுவதும் ஒரு இழுப்பு இழுத்தது, "ஹூ...ப்" என்று சேவல் கூவலில் பாதி போல ஒரு சத்தம். பிறகு பசை போன்ற சளி நூலாகத் தொங்கியது, அதன்பின் வாந்தி.

இந்தச் சத்தம் மூச்சு எந்தப் பக்கம் போகும்போது வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். தொய்வில் விசில் சத்தம் பெரும்பாலும் மூச்சு வெளியே போகும்போது கேட்கும். குக்கலில் மூச்சு உள்ளே போகும்போது கேட்கும். சாதாரணமாக இருமும்போது நாம் முதலில் மூச்சை இழுக்கிறோம், குரல்வளையை மூடுகிறோம், நெஞ்சில் அழுத்தம் ஏறியதும் திறந்து வெளியே தள்ளுகிறோம், மறுபடி இழுக்கிறோம். குக்கல் இழுப்பு வந்தால் அந்த "மறுபடி இழுக்கிற" வேலை நடப்பதில்லை. ஒரே மூச்சின் வெளியேற்றத்திலேயே ஐந்து, பத்து, சில நேரம் அதற்கும் மேல் இருமல்கள் வந்துவிடுகின்றன. சாதாரணமாக மூச்சுவிட்ட பிறகும் நுரையீரலில் கணிசமான காற்று மிஞ்சியிருக்கும். அதையும் இந்த இருமல் பிதுக்கி எடுத்துவிடுகிறது. பிறகு உடம்பு பதறிப்போய்க் காற்றை உறிஞ்சுகிறது. அப்போது குரல்வளை முழுதாகத் திறந்திருப்பதில்லை. ஒடுங்கிய அந்த வழியால் அவ்வளவு வேகத்தில் காற்று பாயும்போது எழுவதுதான் அந்தக் கூவல். அது நெஞ்சுச் சளியின் சத்தம் இல்லை. அதனால்தான் இழுப்புகளுக்கு இடையில் வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் பிடிபடாது. இழுப்பு வரும் நேரத்தில் கைபேசியில் காணொளி எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவது ஆயிரம் விளக்கத்தைவிட மேல். அந்தப் பையனின் அப்பாவுக்கு நான் சொன்ன முதல் யோசனை அதுதான்.

இனி, இருமல் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?

குக்கலை உண்டாக்குவது பொர்டெடெல்லா பெர்டுசிஸ் என்ற பக்டீரியா. அதை 1906இல் பிரசல்ஸ் நகரில் யூல் போர்டேயும் ஒக்டாவ் ஜாங்கூவும் தனியாக வளர்த்தெடுத்தார்கள். இரத்தம், உருளைக்கிழங்குச் சாறு, கிளிசரின் எல்லாம் சேர்த்த ஓர் ஊடகத்தில்தான் அது வளர்ந்தது. சாதாரணத் தட்டில் வராது. அவ்வளவு செல்லம் பார்க்கிற கிருமி. மனிதனின் மூச்சுக்குழாயில் அது ஆழமாகப் புகுந்து திரிவதில்லை. குழாயின் உட்சுவரில் சளியை மேலே தள்ளிக்கொண்டிருக்கும் நுண்மயிர்களில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே இருந்துகொண்டு அது விடும் பொருட்களில் ஒன்று அந்த நுண்மயிர்க் கலங்களையே கொன்று உதிர்க்கிறது. தள்ளிவிட மயிர் இல்லாததால் சளி தேங்குகிறது, பசையாகிறது. நீண்ட காலம் பாடப்புத்தகங்கள் இருமலுக்கு இந்த விளக்கத்தைத்தான் முன்னால் வைத்தன. ஆனால் சளி தேங்குவது மட்டும்தான் காரணம் என்றால் மற்ற நெஞ்சு நோய்களிலும் இதே இழுப்பு வர வேண்டுமே. வருவதில்லை.

குக்கல் கிருமிக்கென்றே உள்ள ஆயுதம் பெர்டுசிஸ் நச்சு. ஆறு துண்டுகள் கூடிய புரதம் அது. ஐந்து துண்டுகள் வளையமாகச் சேர்ந்து நம் கலத்தின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ளும். ஆறாவது துண்டு உள்ளே போய் வேலையைப் பார்க்கும். நம் கலங்களுக்கு வெளியிலிருந்து வரும் செய்திகளில் சில "வேகமாகச் செய்" என்று சொல்லும், சில "போதும், அடங்கு" என்று சொல்லும். "அடங்கு" என்ற செய்தியைக் கலத்துக்குள் கொண்டுபோகும் ஒரு புரதக் குடும்பம் இருக்கிறது. அதற்கு ஜி-ஐ என்று பெயர். 'ஐ' என்பது அடக்குவதைக் குறிக்கும். நச்சின் அந்த ஆறாவது துண்டு, கலத்திலேயே இருக்கும் ஒரு சாதாரணப் பொருளிலிருந்து ஒரு பகுதியை அறுத்தெடுத்து ஜி-ஐ புரதத்தின் மேல் ஒட்டிவிடுகிறது. ஒட்டுப்பட்ட புரதத்துக்குச் செய்தி வந்து சேராது. வண்டி ஓடிக்கொண்டிருக்க, பிரேக் கம்பியை மட்டும் யாரோ வெட்டிவிட்டது போல. ஒட்டியதைக் கழற்ற நம் உடம்பிடம் எளிய வழி கிடையாது. அந்தக் கலம் புதிய புரதத்தைச் செய்து பழையதை மாற்ற வேண்டும்.

இது இருமலாக மாறுவது எப்படி என்பதில் நல்லதொரு விளக்கம் 2022இல் ஒசாகாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. அவர்கள் சுண்டெலிகளை இரும வைத்து, அந்த இருமலை எண்ணி, கிருமியின் எந்தெந்தப் பொருள் அதற்குக் காரணம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். நச்சு தனியாக நின்று இந்த வேலையை முடிக்கவில்லை. மூன்று பொருட்கள் கூட்டாகச் செய்கின்றன. கிருமியின் மேலுறையில் உள்ள கொழுப்புப் பொருள், நம் உடம்பில் பிராடிகைனின் என்ற சிறு புரதத்தை உண்டாக்கத் தூண்டுகிறது. வேக்-8 என்ற இன்னொரு கிருமிப் புரதம், பிராடிகைனின் அளவுக்கு மிஞ்சி உண்டாகாமல் காக்கும் நம் உடம்பின் காவலைப் பிடித்து வைக்கிறது. இப்போது மூச்சுக்குழாயில் பிராடிகைனின் கூடிவிட்டது. அது அங்குள்ள உணர்நரம்புகளைக் கூச்சமாக்கும். வழக்கமாக நரம்புக்குள் இருக்கும் "அடங்கு" செய்தி அந்தக் கூச்சத்தை ஓர் அளவில் நிறுத்திவிடும். பெர்டுசிஸ் நச்சு அந்தச் செய்தியைத்தான் அறுத்துவிட்டதே. கூச்சம் கேள்விமுறை இல்லாமல் ஏறுகிறது.

அந்த நரம்பில் கூச்சமேறுகிற, தூண்டலைப் பிடித்துக்கொள்ளும் வாங்கியின் பெயர் டி.ஆர்.பி.வி.1. நமக்கு அது நன்றாகத் தெரிந்த ஆள்தான். தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுக்கிற நாளில் அயல்வீடு வரை எல்லோரும் இருமுகிறோமே, மிளகாயின் காரப்பொருள் போய்த் தட்டுவது இதே வாங்கியைத்தான். சூட்டுக்கும் அது எழும்பும். நல்ல நிலையில் அதை எழுப்ப மிளகாய்ப் புகை வேண்டும். குக்கல் வந்த பிள்ளைக்கு ஒரு வாய்த் தண்ணீர், ஒரு சிரிப்பு, ஒரு கொட்டாவி போதும். பிராடிகைனின் கூடினால் இருமல் வரும் என்பதற்கு எலிக்கு வெளியேயும் ஒரு சாட்சி உண்டு. இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் குளிசை குடிப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு வறட்டு இருமல் வரும். வைத்தியர் குளிசையை மாற்றினால் போய்விடும். பிராடிகைனினை உடைக்கும் நொதியத்தை அந்தக் குளிசை தடுப்பதுதான் அதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். என் மாமி ஒருவர் அந்த இருமலோடு அலைந்து, ஆடாதோடையும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்துக் களைத்துப்போன கதை தனி.

இவ்வளவு விளக்கமும் எதற்கு என்றால், பையனின் அப்பா கேட்ட கேள்விக்கு வேறு பதில் கிடையாது. தொண்டையின் பின்புறத்தில் மூக்கு வழியாக மெல்லிய குச்சியை விட்டு எடுத்த மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பஞ்சு சுற்றிய சாதாரணக் குச்சி இதற்கு ஆகாது. பஞ்சில் உள்ள கொழுப்பமிலங்கள் இந்தக் கிருமியைக் கொன்றுவிடும், அதனால் செயற்கை இழைக் குச்சிதான். கிருமியின் மரபுப்பொருள் இருப்பதாக முடிவு வந்தது. அதற்கு முன்பே வைத்தியர் அசித்ரோமைசின் தொடங்கியிருந்தார். ஐந்து நாள் மருந்து முடிந்தது. இருமல் அப்படியே இருந்தது. "மருந்து வேலை செய்யவில்லை, கூடிய மருந்து ஒன்று கேட்கட்டுமா?" என்று பையனின் அப்பா என்னிடம் வந்து நின்றார்.

மருந்து வேலை செய்திருந்தது. கிருமியைக் கொன்றிருந்தது. மருந்து குடிக்காமல் விட்டாலும் மூன்று நான்கு வாரத்தில் கிருமி பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஆனால் நச்சு ஏற்கெனவே தன் வேலையைச் செய்துவிட்டது. அன்டிபயோட்டிக் நச்சின் மேல் கை வைக்காது, ஒட்டுப்பட்ட புரதத்தைத் திருத்தாது, உதிர்ந்த நுண்மயிரை முளைக்க வைக்காது. மூக்கு ஒழுகுகிற முதல் வாரத்தில் கொடுத்திருந்தால் நோயின் கடுமை குறைந்திருக்கலாம். ஆனால் அந்த வாரத்தில் இது குக்கல் என்று எவருக்கும் தெரியாது, தடிமன் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இந்த நோயின் குரூரமே அங்கேதான் இருக்கிறது: மருந்து பலிக்கிற காலத்தில் அடையாளம் இல்லை, அடையாளம் வருகிற காலத்தில் இருமலுக்கு மருந்து பலிக்காது. இருமல் பாணி, தொய்வு மருந்து, ஸ்டெரொயிட் எல்லாவற்றையும் பரிசோதித்துப் பார்த்தும் இந்த இழுப்பைத் தெளிவாகக் குறைக்கும் எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு மாதம், இரண்டரை மாதம் என்று இழுத்துத்தான் அது அடங்கும்.

அப்படியானால் பிறகு எதற்கு அந்த ஐந்து நாள் மருந்து? அவனுக்காக அல்ல, அவனுக்குப் பக்கத்தில் படுத்திருந்த குழந்தைக்காக. மருந்து குடித்து ஐந்து நாள் கழிந்தால் அவன் வாயிலிருந்து தெறிப்பது பிறருக்குத் தொற்றாது. குடிக்காவிட்டால் இருமல் தொடங்கி மூன்று வாரம் வரை தொற்றும். ஒரே வீட்டில் எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களில் பெரும்பாலானோருக்கு இது பரவிவிடும். ஆகவே வீட்டில் இருந்த எல்லோருக்கும் இருமல் இருக்கிறதோ இல்லையோ மருந்து கொடுக்கப்பட்டது.

"இவனுக்கு ஊசி எல்லாம் ஒழுங்காகப் போட்டதே" என்று தாய் பதிவேட்டை விரித்துக் காட்டினார். உண்மைதான், ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஐங்கூட்டு ஊசி, பதினெட்டு மாதத்தில் முக்கூட்டு. ஆனால் ஐந்து வயதில் போட்டது இரட்டை ஊசி. அதில் தொண்டைக்கரப்பானும் ஏற்புவலியும் உண்டு, குக்கல் இல்லை. ஆக, குக்கலுக்கு எதிராக அவன் கடைசியாகப் பெற்ற ஊசி ஒன்றரை வயதில். குக்கலுக்கான பாதுகாப்பு வாழ்நாள் முழுதும் நிற்பதில்லை, வருடங்களோடு தேயும். ஊசி வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. சின்ன வயதில், நோய் உயிரைக் குடிக்கிற வயதில், அது அவனைக் காத்தது. ஒன்பது வயதில் வந்தபோது அவனால் இருமித் தாண்ட முடிந்தது.

குழந்தையின் கதை வேறு. அதற்கு முதல் ஊசிக்கு இன்னும் சில நாள் இருந்தது. ஒரு மாலை தாய் பால் கொடுக்கும்போது குழந்தை முலையை விட்டது, ஒருமுறை குமட்டியது, முகம் சாம்பல் நிறமாகி உதடு நீலமானது, கை கால் தளர்ந்தது. இருமலே இல்லை, சத்தமே இல்லை. தூக்கிக் குலுக்கி முதுகைத் தட்டிய பிறகு அழுதது. தாய்க்குப் பால் புரையேறியதாகத்தான் தோன்றியது. அம்மம்மா கூட, "குக்கல் என்றால் சத்தம் வருமே" என்றார்.

வராது. அந்தச் சத்தத்துக்குப் பலம் வேண்டும். காற்றை முழுதாக இருமித் தீர்த்துவிட்டு அவ்வளவு விசையோடு உறிஞ்ச, ஒன்பது வயதுப் பிள்ளையின் நெஞ்சால் முடியும். ஏழு வாரக் குழந்தையின் நெஞ்சால் முடியாது. பெரிய பிள்ளைக்குக் கூவலாக வருவது சின்னக் குழந்தைக்கு மூச்சு நின்றுபோவதாக வரும். சில குழந்தைகளில் நோயின் முதல் அடையாளமே அதுதான். வீட்டில் யாராவது வாரக்கணக்கில் இருமிக்கொண்டிருக்க, சில மாதக் குழந்தை நிறம் மாறினால், குமட்டினால், மூச்சு நின்று தளர்ந்தால், அதைப் புரையேறல் என்று ஒதுக்கிவிடாமல் அந்த நிமிடமே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். அவர்கள் ஓடினார்கள்.

அன்றிரவு குழந்தையின் இரத்தம் என் மேசைக்கு வந்தது. வெண்கலங்கள் ஒரு மைக்ரோலீற்றருக்கு 38,000. அந்த வயதில் சாதாரணமாக இருக்க வேண்டியதைப் போல இரண்டு மூன்று மடங்கு. கண்ணாடித் துண்டில் பூசி நிறமூட்டிப் பார்த்தேன். பார்த்த இடமெல்லாம் நிணநீர்க்கலங்கள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். சிறியவை, முதிர்ந்தவை, பலவற்றின் கருவில் நடுவே ஒரு வெட்டு, பிளந்த பயறு மாதிரியல்ல, நகத்தால் கீறியதுபோல. இரத்தப் புற்றுநோயோ என்று ஒரு கணம் எவரையும் திடுக்கிட வைக்கும் எண்ணிக்கை அது. ஆனால் முதிராத கலம் ஒன்றுகூட இல்லை. ஈமோகுளோபினும் குருதிச் சிறுதட்டுகளும் குறையவில்லை. பக்டீரியா நோய் என்றால் பொதுவாக வேறு வகை வெண்கலம்தான் கூடும். இங்கே நிணநீர்க்கலம் கூடுவதற்கும் அதே நச்சுதான் காரணம். இந்தக் கலங்கள் இரத்தத்தை விட்டு நிணநீர் முடிச்சுகளுக்குள் இறங்குவதற்குக் கிடைக்கும் அழைப்பும் ஜி-ஐ புரதம் வழியாகத்தான் வருகிறது. நச்சு அதை அறுத்துவிட்டதால் அவை இறங்க வழியின்றி இரத்தத்திலேயே சுற்றுகின்றன. நோயை எதிர்க்கப் படை பெருகிய எண்ணிக்கை இல்லை இது, போகவேண்டிய இடத்துக்குப் போக முடியாமல் தேங்கிய எண்ணிக்கை. பையனின் இரத்தத்தில் இது கிட்டத்தட்ட சாதாரணமாகவே இருந்தது. ஊசி போட்ட பெரிய பிள்ளைகளில் அப்படித்தான், இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று குக்கலைத் தள்ளிவைக்க முடியாது.

குழந்தைகளில் இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதுதான் பயம். ஒரு லட்சத்தை நெருங்கினால் நுரையீரலின் நுண்குழாய்களில் கலங்கள் அடைந்து, இதயம் அங்கே இரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறும். பிறகு ஒட்சிசன் கொடுத்தும் பயன் இருக்காது. அதனால் எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஏறவில்லை, மெல்ல இறங்கியது. வார்டில் செய்தது பெரும்பாலும் காவல் காத்தல்: மூச்சையும் ஒட்சிசனையும் கருவியில் கவனிப்பது, பாலைச் சிறுகச் சிறுகக் கொடுப்பது, தேவையில்லாமல் தொட்டு எழுப்பாமல் இருப்பது. அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள். குழந்தையின் எடை நாலே கால் கிலோ; பாணியில் ஒரு மில்லிலீற்றர்தான் வந்தது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவித்தல் படிவமும் போனது. குக்கல் நம் நாட்டில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். அங்கிருந்து வந்தவர்கள் பையனின் வகுப்பிலும் அயலிலும் இருமுகிறவர்களையும் ஊசி தவறிய குழந்தைகளையும் தேடிப் போனார்கள்.

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. மாரி மழை தொடங்கிப் பையனுக்கு ஒரு தடிமன் பிடித்தபோது பழைய இழுப்பு கூவலோடு சில நாள் திரும்பி வந்து வீட்டையே கலக்கியது. அது புதிய தொற்று இல்லை. குக்கல் வந்து மாதங்கள் ஆனபின்னும் சாதாரணத் தடிமன் ஒன்று அந்த நரம்பைத் தட்டி எழுப்பிவிடும். மறுபடி அன்டிபயோட்டிக் தேவையில்லை. தாய் கேட்ட இன்னொரு கேள்வி, நோயே வந்துபோன குழந்தைக்கு இனியும் ஐங்கூட்டு ஊசி எதற்கு என்பது. ஊசியால் வரும் பாதுகாப்பைப் போலவே நோயால் வரும் பாதுகாப்பும் தேய்ந்துவிடும் என்றும், அந்த ஊசியில் குக்கலோடு இன்னும் நான்கு நோய்களுக்கான மருந்தும் இருக்கிறது என்றும் குடும்பநல உத்தியோகத்தர் சொல்லி, பதிவேட்டில் அடுத்த கிளினிக் திகதியை எழுதிக் கொடுத்தார்.